சௌக்கியமா, நலமா, சாப்டாச்சா

எனக்குப் பள்ளிப்படிப்பு முழுதும் புதுச்சேரியில், பிரெஞ்சு மொழியில். ஆங்கிலம் மூன்றாவது மொழியாகத்தான் வந்தது. அந்த ஆங்கிலப் பாடநூலின் முதல் பாடத்தில் கோட்டும் தொப்பியும் அணிந்த இருவர் கைகுலுக்கிக்கொள்வார்கள். ஒருவர் "ஹௌ டு யூ டூ?" என்பார். மற்றவரும் "ஹௌ டு யூ டூ?" என்பார். அத்துடன் பாடம் முடிந்துவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்கிறாரே என்று எனக்குச் சந்தேகம். ஆசிரியரிடம் கேட்டேன். "அது கேள்வி இல்லை, சலாம் போடுவது மாதிரி" என்றார். அப்படியானால் கேள்விக்குறி எதற்கு என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை.

பதில் பல வருஷம் கழித்துத்தான் கிடைத்தது. பழைய ஆங்கிலத்தில் 'டூ' என்ற சொல்லுக்குச் 'செய்' என்பதோடு 'காலம் தள்ளு', 'உடல்நிலை தேவலையாயிரு' என்ற பொருளும் உண்டு. ஆகவே ஆதியில் அது உண்மையான விசாரிப்புதான்: எப்படிக் காலம் போகிறது உமக்கு? சொல்லிச் சொல்லித் தேய்ந்தபோது கேள்வி செத்துப்போய் மரியாதை மட்டும் மிஞ்சியது. அமெரிக்காவின் 'ஹௌடி' இதே தொடரின் இன்னொரு தேய்மானம். இங்கிலாந்தில் இதற்கு ஜாதி அடையாளம் மாதிரி ஒரு வேலையும் இருந்தது. 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பெரிய மனிதர் வீட்டுப் பேச்சையும் மற்றவர் பேச்சையும் எதை வைத்துப் பிரித்தறியலாம் என்பது அதன் பொருள். 'ஹௌ டு யூ டூ' என்றால் திருப்பி அதையே சொல்பவர் மேல்தட்டு; 'உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி' என்று சொல்பவர் அப்படியல்லாதவர். இன்று லண்டனிலேயே பெரும்பாலோர் சொல்வது அந்த இரண்டாவதைத்தான், அல்லது வெறும் 'ஹாய்'.

பிரெஞ்சிலும் எனக்கு இதே கதை நேர்ந்தது. எங்கள் வயதான வாத்தியார் சொல்லிக்கொடுத்தது "கொமான் வூ போர்த்தே வூ?" சொல்லுக்குச் சொல் பார்த்தால் "உம்மை நீர் எப்படிச் சுமந்துகொள்கிறீர்?" சில ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடம், பேத்தி வயதுதான் இருக்கும், இதைச் சொன்னேன். அந்தப் பெண் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கேலி இல்லை, பரணில் தாத்தாவின் வெண்கலக் கூஜாவைக் கண்டெடுத்தால் வருமே, அந்த மாதிரி. "சா வா" என்று பதில் சொன்னாள். இப்போது அவ்வளவுதான். கேள்விக்கும் 'சா வா', பதிலுக்கும் 'சா வா'.

இவை அவர்கள் மொழி. நம் தமிழில் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் முப்பத்தைந்து வருஷம் கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் எழுதலாம் என்று தோன்றுகிறது.

1970களின் தொடக்கத்தில் நான் வேலையில் சேர்ந்தபோது மாவட்டத்தின் பெயர் தென்னாற்காடு. 1993இல் அது பிரிந்து விழுப்புரம் தனியாகப் போனது தெரிந்த கதை. தமிழில் படிக்காதவன் என்பதால் என்னைத் தமிழ் மொழித் தேர்வு எழுதித் தேறச் சொன்னார்கள். இலக்கணப் புத்தகம் வாங்கி உருப்போட்டேன். வீட்டில் தமிழ்தான் பேசினோம் என்றாலும், உத்தியோகத் தமிழ் வேறு என்று நம்பி, படித்ததை எல்லாம் வாயில் ஏற்றிக்கொண்டேன்.

விளைவு சிதம்பரம் தாலுகாவில், வீராணம் பாசனத்துக் கிராமம் ஒன்றில் தெரிந்தது. அடங்கல் சரிபார்க்கப் போன இடம். களத்து மேட்டில் நின்றிருந்த பெரியவரைப் பார்த்து, கைகூப்பி, "தாங்கள் நலமா?" என்றேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அங்கே ஒரு கன்றுக்குட்டிதான் நின்றது. என்னோடு வந்த மூத்த குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "என்னா பெரியவரே, நல்லாருக்கீங்களா? நடவு முடிஞ்சிதா?" பெரியவர் முகம் மலர்ந்தது. "வாங்கய்யா வாங்க, வெயில்ல நிக்கிறீங்களே. மோர் குடிக்கிறீங்களா?"

திரும்பும் வழியில் மூத்தவர் சொன்னார்: "தம்பி, 'தாங்கள்' கடுதாசியில உக்காரும், களத்து மேட்டுல நிக்காது." அவர் படித்தது எட்டாவதோ என்னவோ. நான் வாங்கிய இலக்கணப் புத்தகத்தில் இந்த விதி இல்லை.

இந்த 'நலமா' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நம் தாத்தாக்கள் காலத்துக் கடிதங்களைப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். தலைப்பில் பிள்ளையார் சுழி அல்லது 'சிவமயம்'. பிறகு, மகனுக்கானால் 'சிரஞ்சீவி', மகளுக்கானால் 'சௌபாக்கியவதி'. அதன்பின் 'இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடம் உன் க்ஷேமத்துக்கு எழுதவும்' என்ற வகையில் ஒரு வாய்பாடு. சில வீடுகளில் 'உபயகுசலோபரி' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார்கள். ஒரு தலைமுறை கழித்து, 1950, 60களின் கடிதங்களில் அந்த இடத்தில் 'நலம், நலமறிய ஆவல்' உட்கார்ந்திருக்கும். க்ஷேமம் போய் நலம் வந்துவிட்டது. சிரஞ்சீவி போய் 'அன்புள்ள மகனுக்கு' வந்துவிட்டது.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிவைத்த தனித்தமிழ் இயக்கம் ஒரு பக்கம். சுயமரியாதை இயக்கமும் பின்னால் திராவிட இயக்கமும் இன்னொரு பக்கம். நம் ஊரில் அதற்கு வாசலாக இருந்தது 1929இல் சிதம்பரத்தில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். நாராயணசாமி என்ற பெயரோடு இருந்தவர் நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா அன்பழகன் ஆனதும் அந்தத் தலைமுறையில்தான். இருவரும் அங்கே தமிழ் படித்தவர்கள். பெயரையே மாற்றிக்கொண்டவர்கள் கும்பிடும்போது சொல்லும் சொல்லை விட்டுவைப்பார்களா? எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் ஒருவர் நாற்பதுகளில் அங்கே படித்தவர். எதிரில் வருபவர் 'நமஸ்காரம்' என்கிறாரா 'வணக்கம்' என்கிறாரா என்பதை வைத்தே அவர் எந்தக் கட்சி என்று சொல்லிவிடலாம், அப்படி இருந்தது காலம் என்பார். இன்று 'வணக்கம்' எல்லாருக்கும் பொதுச்சொத்து. அதில் ஒரு காலத்தில் கட்சி வாடை அடித்தது என்றால் என் பிள்ளைகளே நம்புவதில்லை.

அரசு அலுவலகத்துக்கு இந்த அலை கொஞ்சம் தாமதமாக, ஆனால் உத்தரவாக வந்தது. பதிவறையில் வெள்ளைக்காரன் காலத்துக் கோப்புகளில் நம்மவர் பெயருக்கு முன்னால் 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பட்டப்படிப்பு என்று நினைத்தேன். இத்தனை பேர் ஒரே பட்டம் வாங்கியிருக்கிறார்களே என்று ஆச்சரியமும் பட்டேன். அது 'மகாராஜ ராஜஸ்ரீ' என்பதன் சுருக்கம். தமிழ்க் கடிதங்களில் 'ம.ரா.ரா.ஸ்ரீ' என்று வரும். முன்னால் மகாராஜர், பின்னால் 'அவர்கள்', நடுவில் ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர். பிறகு வந்த கோப்புகளில் அது தேய்ந்து வெறும் 'ஸ்ரீ' ஆகியிருந்தது. 1967இல் அண்ணா முதலமைச்சரானதும் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி மூன்றும் போய்த் திரு, திருமதி, செல்வி என்று ஆயின. 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தாளில் இருந்தது. அது மேசைக்கு வந்தது அந்தக் காலத்தில்தான் என்பேன். அக்கிராசனர் தலைவரானார், காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார், கனம் மந்திரி மாண்புமிகு அமைச்சரானார். கீ. இராமலிங்கனார் போன்றவர்கள் ஆட்சித் தமிழுக்காக உட்கார்ந்து சொல் சொல்லாகச் செதுக்கிய காலம். நாங்கள் பழைய வரைவை அடித்துவிட்டுப் புதுச் சொல் எழுதிப் பழகினோம். முதலில் நாக்கு வளையவில்லை, ஆறு மாதத்தில் பழகிவிட்டது. இன்று 'அக்கிராசனர்' என்றால் யாருக்கும் புரியாது. எழுத்தில் அந்த இயக்கம் ஜெயித்தது. அதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் பேச்சில் என்ன நடந்தது? இதைத்தான் நான் சொல்ல வந்தேன். கோப்பில் 'திரு. முருகேசன்' என்று எழுதிய அதே கை, அடுத்த நிமிஷம் "முருகேசன் சார், அந்தப் பைலைக் கொஞ்சம் தாங்க" என்று நீண்டது. 'திரு' மேடையில் உண்டு, உறையின் மேல் உண்டு. எதிரில் நிற்பவரை "திரு முருகேசன்" என்று கூப்பிட்டால் அவருக்கு ஏதோ குறிப்பாணை கொடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஸ்ரீயை நீக்கிய இடத்தில் திருவை வைத்தோம். பேச்சில் வந்து உட்கார்ந்தது 'சார்'. பரம்பரைக் கர்ணம் பதவியை 1980இல் ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர் என்று அழகான பெயர் வைத்தார்கள். அதை முழுதாக யார் சொல்கிறார்கள்? "வி.ஏ.ஓ. வந்துட்டாரா?" என்றுதான் கேட்கிறார்கள்.

நலத்துக்கும் அதே கதி. சௌக்கியத்தை விரட்டியது நலம்தான் என்று நினைக்கிறோம். எழுத்தில் உண்மை. வாய்ப்பேச்சில் சௌக்கியம் இருந்த நாற்காலிக்கு வந்தது 'நல்லாருக்கீங்களா'. சரியாகச் சொன்னால் அது வரவில்லை. களத்து மேட்டில் முன்பே உட்கார்ந்திருந்தது, படித்தவர் வீட்டுத் திண்ணைக்கும் ஏறிவிட்டது. "சௌக்கியமா?" என்று இன்றும் என் தலைமுறையில் சிலர், குறிப்பாகச் சிதம்பரம் தேரோடும் வீதிகளில், கேட்பதுண்டு. கேட்கிறவருக்கு எழுபது வயது தாண்டியிருக்கும். "நலமா?" என்று வாயால் கேட்பவரை மட்டும் நான் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறேன். இலங்கைத் தமிழர் 'சுகமா இருக்கிறீங்களோ' என்கிறார்கள். அவர்களுக்கு அது பேச்சு. நமக்குக் கேட்டால் கொஞ்சம் பழைய வாசனை. ஒரு சொல் ஏட்டுச் சொல்லாக ஒலிப்பதற்கு அதன் வயது காரணமில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. 'வாங்க' எத்தனை பழசு! அது கிழடு தட்டவே இல்லை. அதற்குப் பின் பொதுவழக்குக்கு வந்த 'வணக்கம்' இன்னும் மைக் முன்னால் நிற்பது போலத்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் தினமும் காலையில் யாராவது 'வணக்கம்' சொல்கிறோமா? "என்ன சார், வாக்கிங் முடிஞ்சிதா?" அவ்வளவுதான்.

கவனித்தால் தமிழனின் முகமன் எல்லாம் கண்ணால் பார்க்கும் விஷயத்தைக் கேள்வியாக்குவதுதான். பையோடு போகிறவரை "கடைக்கா?" என்கிறோம். ஈரத் தலையோடு நிற்பவரை "குளிச்சாச்சா?" என்கிறோம். மணி பன்னிரண்டைத் தாண்டினால் "சாப்டாச்சா?" இவற்றுக்குச் சரியான பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. "ஆமா, இப்படிக் கொஞ்சம்" என்றால் போதும். அந்த ஆங்கிலப் பாடநூல் கேள்வியும் இதே ஜாதிதான் என்பது, எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு விளங்குகிறது.

'தயவுசெய்து' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதத்தின் 'கைண்ட்லி', 'ப்ளீஸ்' இவற்றைத் தமிழாக்கும்போது 'தயவுசெய்து', 'தயைகூர்ந்து' என்று போட்டோம். தயவு வடசொல் என்று சிலர் 'அருள்கூர்ந்து', 'அன்புகூர்ந்து' என்று திருத்தினார்கள். நானும் பிழைதிருத்தும் பேனாவோடு திருத்தியிருக்கிறேன். ஆனால் பேருந்தில் உட்கார இடம் கேட்கும்போது யார் "தயவுசெய்து நகர்ந்து அமருங்கள்" என்கிறார்கள்? "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்களேன்." இதில் தயவு எங்கே என்று தேடினால், 'கொஞ்சம்' என்ற சொல்லில் பாதி, 'ங்க'வில் கால், கடைசி 'ஏன்' என்ற இழுப்பில் கால் இருக்கிறது. "உக்காருங்க" என்பது மரியாதையான கட்டளை. "உக்காருங்களேன்" என்பது கெஞ்சல். ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் அதற்குத் தனிச் சொல் தேவைப்படுகிறது. தமிழ் அதை வினைச்சொல்லின் வாலிலேயே கட்டிவைத்திருக்கிறது. அதனால்தான் 'தயவுசெய்து' இன்றுவரை அறிவிப்புப் பலகையை விட்டு இறங்கவில்லை. வாயில் வரும்போது அது கோபத்தின் அடையாளம்: "தயவுசெஞ்சி போயிடு, என் கண்ணு முன்னால நிக்காத." மரியாதைச் சொல் பேச்சில் வசையானது இங்கேதான்.

'நன்றி'யும் அப்படி. செய்ந்நன்றி அறிதல் என்று திருக்குறளில் ஓர் அதிகாரமே உண்டு. அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நல்லது, உபகாரம். ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உடனே திருப்பிக் கொடுக்கும் சொல் அல்ல. என் பாட்டி தண்ணீர் கொடுத்த பெண்ணை "மகராசியா இரும்மா" என்பாள். பெரிய உதவியானால் "உன் புண்ணியத்துல காரியம் ஆச்சி" என்பாள். வாழ்த்துதான் நன்றி. அந்த வாழ்த்துகள் பாட்டிகளோடு போய்விட்டன. அந்த இடத்தை 'நன்றி' பிடிக்கவில்லை, 'தேங்க்ஸ்' பிடித்தது. கட்டிய மனைவியிடம் காபி வாங்கிக்கொண்டு "நன்றி" சொன்னால் என்ன ஆகும் என்று நான் ஒரு நாள் சோதித்துப் பார்த்தேன். "இப்ப நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள்.

நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் கைப்பேசிகளில் விடிந்ததும் ரோஜாப் படத்தோடு வந்து குவியும் 'இனிய காலை வணக்கம்'. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், இதைப் படிக்கும் நீங்களும்தான். கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் அனுப்புகிறேன். பார்க்கப் பழந்தமிழ் போல இருக்கிறது. ஆனால் பொழுது பார்த்து முகமன் சொல்வது தமிழில் இருந்த பழக்கமே இல்லை. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்பது 'குட் மார்னிங்'கின் தமிழ் உடுப்பு. தமிழ் வார்த்தை, ஆங்கிலப் பழக்கம். மேலே சொன்ன "உக்காருங்களேன் சார்" என்பதில் வார்த்தை கலப்படம், பழக்கம் தமிழ். இரண்டில் எது அதிகம் தமிழ் என்று கேட்டால் நான் பேருந்துக்காரர் பக்கம் நிற்பேன். என் பழைய கண்காணிப்பாளர் உயிரோடு இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்கமாட்டார்.

கடைசியாக விடைபெறும் சொல். பிரெஞ்சில் இரண்டு உண்டு. 'ஒர்வுவார்' என்றால் மறுபடி பார்ப்போம். 'அதியூ' என்றால் கடவுளிடம் ஒப்படைத்தேன். இனிப் பார்க்கமாட்டோம் என்கிறபோது சொல்வது. சிறு வயதில் இந்த வித்தியாசத்தை வாத்தியார் விளக்கியபோது மற்றவர்கள் விழித்தார்கள், எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் வாசலில் நின்று "போறேன்" என்றால் அம்மா வாயில் அடிப்பாள். "போய்ட்டு வரேன்னு சொல்லுடா!" போவதை மட்டும் சொன்னால் திரும்பி வராமல் போய்விடுவோமோ என்ற பயம். 'போய்வருகிறேன்' முதலில் 'போய்ட்டு வரேன்' ஆகி, பிறகு போவதையே விழுங்கிவிட்டு 'வர்றேன்' என்று மட்டும் நின்றது. புறப்பட்டுப் போகிறவன் "வர்றேன்" என்கிறான். தமிழ் கற்கும் வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையைச் சொறிவார்கள்.

இப்போது 'பை'. வெளியூரிலிருக்கும் பேத்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுகிறாள். முதலில் "தாத்தா, சாப்டீங்களா?" பிறகு அவள் கல்லூரிக் கதை. கடைசியில் "ஓகே தாத்தா, பை!" நான் ஒவ்வொரு தடவையும் "சரிம்மா, போய்ட்டு வா" என்கிறேன். போன வாரம் அவள் கேட்டாள்: "நான் எங்க தாத்தா போறேன்? ரூம்லதான இருக்கேன்!"

"இருக்கட்டும், வர்றேன்னு சொல்லிட்டு வை" என்றேன்.

"வர்றேன் தாத்தா" என்று சிரித்துக்கொண்டே வைத்தாள்.